பக்கம் முடங்கினால் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது? கருவாடு விற்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கீழக்கரை ஓலைக் கொட்டான், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, இராமநாதபுரம் முண்டு மிளகாய், பாம்பன், தங்கச்சிமடம் கருவாடு. எங்கள் கடற்கரையில் இவற்றைக் கைபேசி வழியாக விற்கும் குடும்பங்கள் இப்போது நிறைய. விற்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தளத்தில் வீடியோ போடுவார்கள். அதைப் பார்த்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், ஜிபேயில் பணம் வரும், மறுநாள் பார்சல் போகும். இதில் புது ஆளும் பழைய ஆளும் வந்து சேர்வது அந்த ஒரு தளம் வழியாகத்தான். அது நம் வீடியோவை மக்களுக்குக் காட்டுவதைக் குறைத்துவிட்டால் அடுத்த வாரமே பார்சல் எண்ணிக்கை விழுந்துவிடும்.

இது நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அதில் மட்டும் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் தங்கள் பார்வையாளர்களிடம் ‘இனி இங்கே வாருங்கள்’ என்று சொல்லக்கூட வழியில்லாமல் நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 6 மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை. இவை பெரிய நிகழ்வுகள், செய்தியில் வந்தவை. செய்தியில் வராமல் தினமும் நடப்பது வேறு: கணக்கு திருட்டுப் போவது, தவறான புகாரில் பக்கம் முடங்குவது, காரணமே தெரியாமல் பார்வை பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது.

என் மதினி தங்கச்சிமடத்தில் கருவாடு விற்கிறார். நெத்திலி, சூடை, வாளை, சீலா, திருக்கை என்று பருவத்துக்கு ஏற்றபடி சரக்கு இருக்கும். பார்சல், கணக்கு, பதில் அனுப்புவது எல்லாம் நான் பார்க்கிறேன். அவருடைய வீடியோ பக்கத்துக்குச் சுமார் 38 ஆயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பக்கத்தின் பார்வை திடீரென்று விழுந்தது. வழக்கமாக இருபதாயிரம் பேர் பார்க்கும் வீடியோவை ஆயிரத்து ஐந்நூறு பேர்தான் பார்த்தார்கள். சரக்கில் குறையா, வீடியோவில் குறையா என்று மதினி தவித்துப்போனார். புள்ளிவிவரத்தைத் திறந்து இரண்டு எண்களை மட்டும் பார்த்தோம். வீடியோ எத்தனை பேர் கண்ணில் காட்டப்பட்டது என்பது ஒன்று, காட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தொட்டுத் திறந்தார்கள் என்பது இன்னொன்று. தொடுபவர்களின் விகிதம் பழையபடியே இருந்தது. காட்டப்பட்ட எண்ணிக்கைதான் அடியோடு இறங்கியிருந்தது. அப்படியென்றால் ஆட்களுக்குச் சலிப்பு வரவில்லை, தளம் காட்டுவதைக் குறைத்துவிட்டது என்று பொருள். இதுவே நேர்மாறாக, காட்டப்படுவது அதே அளவில் இருந்து தொடுவது மட்டும் குறைந்திருந்தால் தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றிப் பார்த்திருப்போம்.

அதன் பிறகுதான் மாற்று வழிகளை உட்கார்ந்து ஒப்பிட்டோம். ஒன்றைப் பிரித்துப் பார்த்ததும் மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது. பட்டியல் என்பது யார், எந்த எண், எந்த ஊர், என்ன வாங்கினார் என்ற விவரம். வழி என்பது அந்த ஆளிடம் செய்தி போய்ச் சேரும் பாதை. பட்டியல் நம் கையில் இருந்தால் வழியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வழி மட்டும் இருந்து பட்டியல் இல்லையென்றால், அந்த வழி அடைபடும் நாளில் எல்லாம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மாற்று வழியிடமும் முதலில் கேட்க வேண்டியது, ‘நாளைக்கு இது மூடப்பட்டால் என் கையில் எண்கள் இருக்குமா?’ என்பதுதான்.

எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை, இன்னொரு தளத்திலும் பக்கம் தொடங்குவது. தொடங்கலாம், அதே வீடியோவை அங்கேயும் போடலாம், நட்டமில்லை. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் ‘இல்லை’. இன்ஸ்டாகிராமில் நம் தரவை இறக்கிக்கொண்டால் பின்தொடர்பவர்களின் பயனர்பெயர்கள் கிடைக்கும், தொலைபேசி எண் கிடைக்காது. யூடியூபில் சந்தாதாரர்களைத் தொடர்புகொள்ளும் விவரமாக எதையும் எடுக்க முடியாது. ஒரு வாடகை வீட்டோடு இன்னொரு வாடகை வீட்டையும் பிடித்த கதைதான் இது.

அடுத்தது சேனல். வாட்ஸ்அப் சேனல், டெலிகிராம் சேனல் இரண்டையும் பலர் சேமிப்புப் பட்டியலாக நினைக்கிறார்கள். சேனலில் எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் சேரலாம், செலவில்லை, ஒரு முறை போட்டால் எல்லாருக்கும் போகும். ஆனால் சேருபவரின் எண் நமக்குத் தெரியாதபடிதான் அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. சேருபவருக்கு அது நல்ல பாதுகாப்பு. நமக்கோ சேனல் போனால் ஆளும் போய்விடும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சேனல் செய்திகள் தனித் தாவலில் போய் உட்காரும். வாங்குபவர் அங்கே போய்ப் பார்த்தால்தான் உண்டு. சேனலை விளம்பரப் பலகையாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி இருக்கக் கூடாது.

வாட்ஸ்அப் குழு கொஞ்சம் மேல். 1,024 பேர் வரை சேர்க்கலாம், எண்கள் எல்லாம் தெரியும். அந்த எண்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். மதினியிடம் வாங்குபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் அவர்களுடைய எண்ணை விரித்து வைப்பது சரியில்லை. போட்டி வியாபாரி ஒருவர் குழுவில் நுழைந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விலைப்பட்டியல் அனுப்பிய கதை எங்கள் ஊரிலேயே உண்டு. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. குழுதான் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

மின்னஞ்சலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. துணி, புத்தகம், படிப்பு விற்பவர்களுக்கு அது மிக நல்ல வழி, பட்டியலும் முழுக்க நம் கையில் இருக்கும். கருவாடு வாங்கும் வீட்டில் யாரும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்து ஆர்டர் போடுவதில்லை.

கடைசியில் எங்கள் மேசையில் நின்றவை இரண்டு: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், எஸ்எம்எஸ்.

எஸ்எம்எஸ்ஸின் பலம் பெரியது. இணையம் இல்லாத கைபேசிக்கும் போகும், எந்தச் செயலியும் வேண்டாம், வாட்ஸ்அப் நின்றுபோன நாளிலும் வேலை செய்யும். ஆனால் வியாபாரச் செய்தியை நம் சொந்த சிம்மிலிருந்து மொத்தமாக அனுப்பக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவேட்டில் நிறுவனமாகப் பதிய வேண்டும், அனுப்புநர் பெயருக்கும் செய்தியின் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். பதியாமல் அனுப்பி, வாங்கியவர்கள் புகார் செய்தால் இணைப்பே துண்டிக்கப்படலாம். வியாபாரம் அதே எண்ணில் நடப்பதால் அந்த ஆபத்தை எடுக்க முடியாது.

எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் 70 இடம்தான். அந்த 70-ம் நாம் கண்ணால் பார்க்கும் எழுத்துக் கணக்கில் வராது. ‘கருவாடு’ நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு க, ர, உகரக் குறி, வ, கால், ட, உகரக் குறி என்று ஏழு. ‘நெத்திலி கருவாடு வந்துள்ளது’ என்று மூன்று சொல் எழுதினாலே, இடைவெளியோடு சேர்த்து 27 இடம் போய்விடும். விலையும் எடையும் எண்ணும் சேர்ந்தால் ஒரு செய்தி இரண்டாகும், காசும் இரண்டாகும். ஒருவருக்கு மாதம் ஒன்று என்று கணக்குப் போட்டாலும் எங்கள் அளவுக்கு அது தாங்கும்தான். ஆனால் பதிவும் ஒப்புதலும் சேர்ந்த அலைச்சல், சில நூறு வாடிக்கையாளர்களுக்காகச் செய்யும் அளவுக்கு வரவில்லை.

பிராட்காஸ்டுக்குப் பதிவு வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், பட்டியல் பலவும் வைத்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கு அது தனிச் செய்தியாகத்தான் போகும், அவர் பதில் போட்டால் நமக்கு மட்டும் வரும். மீன் படம், விலை, கிலோ கணக்கு எல்லாம் ஒரே செய்தியில் அடங்கும். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு, ஆனால் எல்லாமே அதில்தான் நிற்கிறது: நம் எண்ணை அவர் தன் கைபேசியில் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி அவருக்குப் போகும். நாம் அவர் எண்ணைச் சேமித்திருப்பது போதாது. ஐந்நூறு பேரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கு, அதில் பாதிப் பேருக்குச் செய்தியே போகவில்லை என்பது தெரியாது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பெயரோடு காட்டும். அந்தப் பெயர்களில் இல்லாதவர்கள் நம் எண்ணைச் சேமிக்காதவர்கள் என்று முதலில் நினைக்கலாம். இரண்டு நாள் கழித்தும் வரவில்லையென்றால் ஏறக்குறைய அதுதான்.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான். பட்டியல் ஒரு விரிதாளில் எங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் வழி பிராட்காஸ்ட், அது நின்றால் கையால் போன் போடுவது. சேனல் சும்மா ஓடட்டும்.

பட்டியலுக்கு ஆள் எங்கிருந்து வரும் என்று மதினி கேட்டார். “தம்பி, வீடியோவில சொல்லி நம்பர் அனுப்பச் சொல்லவா?” என்றார். பார்ப்பவரையெல்லாம் சேர்ப்பதைவிட ஏற்கெனவே வாங்கியவரைச் சேர்ப்பதுதான் பயன் தரும் என்று நான் சொன்னேன். பார்த்து ரசிப்பவர் வேறு, மூன்று முறை பணம் அனுப்பி வாங்கியவர் வேறு. ஒன்றரை ஆண்டுப் பார்சல் ரசீதுகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தன. அவற்றைத் தட்டச்சு செய்தபோது தொள்ளாயிரத்துச் சொச்சம் பார்சல் வந்தது. ஒரே வீட்டுக்குப் பல முறை போனவற்றைச் சேர்த்ததும் சுமார் 520 வீடுகள் ஆயின. மதுரை, கோவை, சென்னை, பெங்களூரு ஆகியவைதான் அதிகம்.

ரசீதில் எண் இருக்கிறது என்பதற்காக எடுத்துச் சேர்த்துவிடவில்லை. பார்சல் அனுப்பத் தந்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தனியாகச் சம்மதம் கேட்பதுதான் முறை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. இதில் வியாபார லாபமும் இருக்கிறது. கேட்காமல் அனுப்பினால் எரிச்சலில் தடை செய்து புகார் கொடுப்பார்கள், அப்படிப் பல பேர் செய்தால் வாட்ஸ்அப் நம் எண்ணையே முடக்கிவிடும். ஆகவே ஏற்கெனவே பேசிய உரையாடலுக்குள்ளேயே போய், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் என்று தனித்தனியாகக் கேட்டோம்:

“அக்கா, போன தடவை சூடை வாங்குனீங்க. புதுச் சரக்கு வர்றப்ப மாசம் ஒண்ணு ரெண்டு செய்தி அனுப்பலாமா? சரின்னா ‘சரி’ன்னு அனுப்பி, இந்த நம்பரை ‘தங்கச்சிமடம் கருவாடு’ன்னு சேவ் பண்ணிக்கோங்க. எப்ப வேணாம்னாலும் சொல்லிடுங்க.”

கூடவே எங்கள் தொடர்பு அட்டையையும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினோம். அதைத் தொட்டால் சேமிக்கும் திரை நேராகத் திறக்கும், எண்ணைத் தட்டச்சு செய்யச் சொன்னால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். சுமார் 340 பேர் ‘சரி’ என்றார்கள். முதல் பிராட்காஸ்ட் போனபோது சுமார் 280 பேருக்குத்தான் சேர்ந்தது. மீதி அறுபது பேருக்கு மறுபடி ஒருமுறை தனியாக நினைவூட்டினோம், பாதிப் பேர் சேமித்தார்கள். மற்றவர்களை விட்டுவிட்டோம்.

புதிதாக வருபவர்களுக்குப் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைக்கிறோம். அதில் கியூஆர் குறியாக இந்த முகவரி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=LIST
```

X-கள் இருக்கும் இடத்தில் நம் பத்து இலக்க எண் வர வேண்டும். குறியைப் பிடித்துத் திறந்தால் ‘LIST’ என்ற சொல்லோடு உரையாடல் தயாராக இருக்கும், அவர் அனுப்பும் பொத்தானைத் தொட்டால் போதும். அவரே முதலில் பேசியதாகிறது, சம்மதமும் எழுத்தில் கிடைக்கிறது. வீடியோ பக்கத்தின் அறிமுகத்திலும் இதே முகவரியைப் போட்டிருக்கிறோம்.

விரிதாளில் ஆறு பத்திகள்தான்: பெயர், எண், பின்கோடு, கடைசியாக வாங்கிய தேதி, வாங்கிய கருவாடு, சம்மதம் சொன்ன தேதி. இதில் எண் பத்தி ஒரு பொறி. 91 சேர்த்து 12 இலக்கமாக எக்செல்லில் தட்டினால் சாதாரண வடிவத்தில் அது `9.19E+11` என்று காட்டும். பார்வைக்குத்தான் அப்படி, உள்ளே எண் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிவதே கோப்பில் எழுதப்படும், பின்பகுதி இலக்கங்கள் போய்விடும். மறுபடி திறந்தால் எல்லார் எண்ணும் ஒன்றுபோல இருக்கும். அப்புறம் மீட்க வழியில்லை. எண்ணைப் பத்து இலக்கமாகவே வைத்துக்கொள்ளலாம், அல்லது தட்டச்சு செய்யும் முன்பே அந்தப் பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாதம் ஒருமுறை கோப்பை இறக்கி மதினியின் மகள் கைபேசியிலும் ஒரு பென்டிரைவிலும் போட்டு வைக்கிறோம். இறக்கியதும் திறந்து, நமக்குத் தெரிந்த நாலைந்து பேருடைய எண்ணைச் சரிபார்க்கிறோம். பிராட்காஸ்ட் பட்டியலையே பிரதியாக நினைக்கக் கூடாது. கைபேசி கடலில் விழுந்து, உரையாடல்களின் காப்புப் பிரதியும் இல்லையென்றால் அந்தப் பட்டியலும் அதோடு போகும்.

பட்டியல் எப்போது வேலை செய்யும் என்பதற்கு எங்கள் கரையில் ஆண்டுதோறும் ஒரு சோதனை வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகு போகும், ஆனால் சரக்கு வரத்து குறைவு, கடல் வீடியோவும் குறைவு. வீடியோ குறைந்தால் பக்கத்தின் பார்வையும் இறங்கும். ஏப்ரல் முதல் வாரத்தில், தடைக்கு முன் காயப்போட்ட சரக்கு எவ்வளவு இருக்கிறது, எந்தக் கருவாடு தீரப்போகிறது என்று ஒரே செய்தியாகப் பட்டியலுக்கு அனுப்புகிறோம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்புவதில்லை. நெத்திலி வாங்குபவருக்குத் திருக்கை விலை தேவையில்லை என்பதால், வாங்கிய கருவாடு பத்தியை வைத்து இரண்டு பட்டியலாகப் பிரித்திருக்கிறோம். முதல் முறை அனுப்பியபோது மூன்று நாளில் முப்பதுக்கும் மேல் ஆர்டர் வந்தது. பார்வை நன்றாக இருந்த காலத்தில் இருபதாயிரம் பேர் பார்த்த ஒரு வீடியோவுக்கு வந்தது பதினைந்து, இருபது.

இந்தக் கணக்கைப் பார்த்து வீடியோவை நிறுத்திவிடலாமா என்று நினைக்கக் கூடாது. பட்டியல் புது ஆளைக் கொண்டு வராது. வீடு மாறுபவர், எண் மாற்றுபவர், வாங்குவதை நிறுத்துபவர் என்று அது தானாகவே கரையும். புது ஆள் வீடியோவிலிருந்துதான் வர வேண்டும். பார்வை மீண்டும் எழும்வரை கைச்செலவுக்கும் சரக்கு நகர்வதற்கும் பட்டியல் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. மாதம் இரண்டுக்கு மேல் அனுப்பினால் ‘வேண்டாம்’ வரத் தொடங்குகிறது என்பதையும் பார்த்தோம். ‘வேண்டாம்’ என்றவரின் எண்ணை அன்றே பிராட்காஸ்டிலிருந்து எடுத்துவிட்டு, விரிதாளில் அவர் பெயருக்கு எதிரே குறித்து வைக்கிறோம். அழித்துவிட்டால் பழைய ரசீதிலிருந்து யாராவது மறுபடி சேர்த்துவிடுவார்கள்.

ஆள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் இந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும். ஐந்தாறு பிராட்காஸ்ட் பட்டியலைக் கையால் நிர்வகிப்பது சிரமம், சேமிக்காதவர்களின் எண்ணிக்கையும் பெரிதாகும். அப்போது மென்பொருள் மூலம் மொத்தமாகச் செய்தி அனுப்பும் வாட்ஸ்அப்பின் கட்டண ஏபிஐ வழி பொருந்தும். அதில் வாசகத்துக்கு முன்ஒப்புதல் வேண்டும், விளம்பரச் செய்தி ஒன்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டி ஆகும், இடையில் இருக்கும் முகவர் கட்டணம் தனி. ஆனால் வாங்குபவர் நம் எண்ணைச் சேமித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆயிரம் பேருக்கு ஒரு முறை அனுப்ப ஆயிரம் ரூபாய் என்றால், அதில் எத்தனை கிலோ கூடுதலாக நகர வேண்டும் என்று லாபத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஸ்எம்எஸ்ஸுக்கான டிஎல்டி பதிவையும் அந்த அளவில்தான் யோசிக்கலாம், அதுவும் வாட்ஸ்அப்புக்கு மாற்றாக ஒரு சிறு செய்திக்கு மட்டும்: ‘சரக்கு வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்’.